சத்தம் போடும் தாடையும் சத்தமில்லாமல் மூடும் வாயும்



இந்த ஆண்டு தொடக்கத்தில், ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி அறிவியல் கூடத்தில் பாடம் முடிந்ததும் என்னிடம் வந்து நின்றாள். லாபுவில் உள்ள தோட்டக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு வருகிறவள். "டீச்சர், இங்க கையை வச்சுப் பாருங்க" என்று என் விரலைத் தன் இடது காதுக்கு முன்னால் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். வாயை மூடும்போது இன்னொரு சின்ன 'டக்'. "ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு. இப்ப மூணு வாரமா சோறு மெல்லவே வலிக்குது. எலும்பு தேஞ்சு போச்சா டீச்சர்?" என்றாள். சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காக, இணையத்தில் விற்கும் பல் கவசம் ஒன்றை வாங்கப் பணமும் சேர்த்து வைத்திருந்தாள்.

அவளுடைய பயம் உங்களில் பலருக்கும் இருக்கும். தாடையில் சத்தம் கேட்பது அவ்வளவு சாதாரணமான விஷயம். ஆனால் அந்தப் பயம் தவறான இடத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. வலியில்லாத சத்தத்துக்கு நாம் பயப்படுகிறோம். வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வருவதை யாரும் கவனிப்பதில்லை. பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான். அந்த மாணவியின் வீட்டிலேயே இந்த இரண்டும் இருந்தன. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காதுக்குச் சற்று முன்னால் இரண்டு விரல்களை வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஏதோ ஓர் உருண்டை முன்னால் நகர்ந்து பின்னால் வருவது தெரியும். அது கீழ்த்தாடை எலும்பின் தலைப்பகுதி. அது மண்டையோட்டில் உள்ள ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. முழங்கை மூட்டு கதவுக்கீல் போல மடங்கி நீளும். தாடை மூட்டு அப்படி மட்டும் வேலை செய்வதில்லை. வாய் திறக்கும்போது முதலில் சுழல்கிறது. பிறகு பள்ளத்தை விட்டு முன்னால் வழுக்கி வருகிறது. இந்த இரண்டாவது அசைவைத்தான் உங்கள் விரல் உணர்ந்தது.

இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் நார்க்குருத்தெலும்பாலான ஒரு சிறிய வட்டு இருக்கிறது. நடுவில் மெல்லியதாகவும் முன்பின் விளிம்புகளில் தடிப்பாகவும் இருக்கும். எலும்பின் தலை எங்கே போனாலும் இந்த வட்டும் சேர்ந்தே போக வேண்டும். சிலருக்கு இது தன் இடத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடுகிறது.

வீட்டில் கதவோரம் கிடக்கும் தடித்த கால்மிதியை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி அதன்மேல் நிற்க வேண்டும். ஆனால் மிதி முன்னால் நகர்ந்து கிடக்கிறது. நாற்காலியை முன்னே தள்ளினால், அதன் கால் மிதியின் தடித்த விளிம்பில் முட்டி, 'டக்' என்று ஏறி, பிறகு சீராக நகரும். பின்னால் இழுத்தால் மிதியிலிருந்து இறங்கும்போது இன்னொரு சின்னச் சத்தம். மாணவியின் இடது தாடையில் நடந்தது இதுதான். எலும்பு தேயவில்லை, எலும்போடு எலும்பு உரசவும் இல்லை. வட்டின் விளிம்பில் ஏறி இறங்கும் சத்தம் அது.

இது அரிதான குறையா என்றால், இல்லை. தாடையில் வலியோ சத்தமோ இல்லாத தன்னார்வலர்களைக் காந்த அதிர்வுப் படக் கருவியில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்த வட்டு இடம் நகர்ந்தே இருந்தது. அவர்கள் அது தெரியாமலே முறுக்குக் கடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: வலி இல்லை, வாய் முழுதாகத் திறக்கிறது, சத்தம் மட்டும் கேட்கிறது என்றால், அதற்குச் சிகிச்சை தேவையில்லை. நண்பர்களுக்குக் காட்டுவதற்காக வேண்டுமென்றே திரும்பத் திரும்பச் சத்தம் எழுப்பாமல் இருந்தால் போதும்.

"இப்போதே சரிசெய்தால் பின்னால் மோசமாகாதே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சத்தம் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும், அல்லது தானாகவே குறையும். சிலருக்கு மட்டுமே அது அடுத்த கட்டத்துக்குப் போகிறது. யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. வலியில்லாத சத்தத்துக்குச் செய்யும் சிகிச்சை அதைத் தடுக்கும் என்பதற்கும் நம்பகமான சான்று இல்லை.

அப்படியானால் மாணவியின் வலி எங்கிருந்து வந்தது? சத்தம் ஒரு வருடமாக இருக்கிறது. வலி மூன்று வாரமாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், சத்தம்தான் வலிக்குக் காரணம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஒரே இடத்தில் இருக்கும் இரண்டு விஷயங்களில் ஒன்று மற்றதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை என்று அறிவியலில் படிக்கிறோமே, அதை இங்கே பயன்படுத்திப் பார்க்கலாம் என்றேன்.

மூன்று சோதனைகளைச் செய்து பார்த்தோம். நீங்களும் வீட்டில் செய்யலாம்.

முதலாவது, எங்கே வலிக்கிறது என்பது. ஒரே ஒரு விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். காதுக்கு முன்னால் உள்ள மூட்டைக் காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளங்கை முழுவதையும் கன்னத்தில் வைத்து, நெற்றிப்பொட்டு வரை தடவிக் காட்டினாள். பற்களை இறுகக் கடித்தால் கன்னத்தில் புடைத்துக்கொண்டு வரும் தசை இருக்கிறதே, அதை மெல்ல அழுத்தியதும், "இதே வலிதான் டீச்சர்" என்றாள். மூட்டின்மேல் அழுத்தியபோது ஒன்றும் இல்லை. மூட்டு வலி பெரும்பாலும் ஒரு புள்ளியில் கூர்மையாக இருக்கும். தசை வலி பரவலாக, மந்தமாக, களைப்பு போல இருக்கும்.

இரண்டாவது, எப்போது வலிக்கிறது என்பது. காலையில் எழும்போதே அதிகம் என்றால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருக்கலாம். மாலையில் கூடுகிறது என்றால் பகலில் நம்மை அறியாமல் பல்லை இறுக்குகிறோம் என்று சந்தேகிக்கலாம். அவளுக்கு மாலையிலும் இரவுப் படிப்பு முடிந்த பிறகும்தான் அதிகம்.

மூன்றாவது, வாய் எவ்வளவு திறக்கிறது என்பது. கையைக் கழுவிவிட்டு ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்படி செங்குத்தாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். உங்கள் சொந்த விரல்களாக இருக்க வேண்டும். மூன்றும் நுழைந்தால் திறப்பு பொதுவாகச் சரியான அளவில் இருக்கிறது. சரியான எண் வேண்டுமென்றால் அளவுகோலை வைத்து, மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் விளிம்பு வரை அளக்கலாம். வளர்ந்தவர்களுக்கு 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருப்பது வழக்கம். மாணவிக்கு 44 இருந்தது.

ஆக, மூட்டு தடையின்றி நகர்கிறது. சத்தம் பழைய, தீங்கில்லாத சத்தம். வலி தசையிலிருந்து வருகிறது. ஏன் வருகிறது என்று அவளே ஒரு வாரம் குறிப்பெடுத்து வந்தாள். எஸ்.பி.எம். பயிற்சிகளைச் செய்யும்போது பற்கள் இறுகியிருந்தன. இடது கையில் தாடையைத் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் படித்தாள். தூக்கம் வராமல் இருக்கச் சூயிங் கம் மென்றாள். குளிர்பானத்தைக் குடித்து முடித்த பிறகு கோப்பையில் மிஞ்சும் ஐஸ் கட்டிகளையும் கடித்து நொறுக்குவாள். கணிதப் பாடத்துக்கு அவள் மூளை உழைத்ததோ இல்லையோ, கன்னத் தசை நாள் முழுவதும் உழைத்திருக்கிறது. ஓடி ஓடித் தொடை வலிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தசை வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை நன்றாகவே வேலை செய்கின்றன. அவள் செய்தவை நான்கு.

ஒன்று, தாடையை ஓய்வு நிலையில் வைப்பது. உதடுகள் சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் பற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் இலேசாக இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உண்ணும்போதும் விழுங்கும்போதும் தவிர அவை தொடவேண்டிய அவசியமே இல்லை. அவள் பென்சில் பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டி வைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்களைப் பிரித்துக்கொண்டாள்.

இரண்டு, இரண்டு வாரங்களுக்கு மென்மையான உணவு. கஞ்சி, இட்லி, குழைந்த சோறு, முட்டை, மீன். ஐஸ், சூயிங் கம், முறுக்கு ஆகியவற்றுக்கு விடுமுறை. கொய்யாவையும் சோளத்தையும் முன்பல்லால் கடிக்காமல், சின்னத் துண்டுகளாக்கிக் கடைவாயில் மெல்ல வேண்டும். இதற்கு நீங்கள் படித்த நெம்புகோல் பாடமே காரணம். தாடை மூன்றாம் வகை நெம்புகோல்: ஆதாரப்புள்ளி மூட்டு, விசை தசை, பளு பற்களில். பளு ஆதாரத்திலிருந்து தள்ளிப் போகப் போக, அதே அளவு கடிக்கத் தசை அதிகம் இழுக்க வேண்டும்; மூட்டும் அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டும். முன்பல்தான் மூட்டிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது.

மூன்று, இளஞ்சூட்டு ஒத்தடம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. சூட்டை முதலில் முன்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, ஒத்தடத்துக்குப் பிறகு மெதுவான பயிற்சி. நாக்கின் நுனியை அண்ணத்தில் வைத்தபடியே, வலிக்காத அளவுக்கு வாயைத் திறந்து மூடுவது, ஐந்தாறு முறை. நாக்கு அண்ணத்தில் இருக்கும்போது தாடை அதிகம் முன்னால் வழுக்காது. அதனால் 'டக்' சத்தமும் வராது. கொட்டாவி வரும்போதும் இதையே செய்யலாம்.

மூன்றாவது வாரத்தில் வலி போய்விட்டது. சத்தம் போகவில்லை. "சத்தம் இன்னும் இருக்கே டீச்சர்" என்றாள். "இருக்கட்டும். அதுவா உனக்கு வலித்தது?" என்றேன். பல் கவசம் வாங்க வைத்திருந்த பணம் பயிற்சி நூல்களுக்குப் போயிற்று.

அந்தக் கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்துதரும் கவசம் பற்கள் தேயாமல் காக்கும். சிலருக்குக் காலை வலியும் குறையலாம். ஆனால் கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் கவசம் வேறு. மென்மையானது என்பதால் சிலர் அதை இன்னும் அதிகமாகவே கடிக்கிறார்கள். சில பற்களை மட்டும் மூடும் கவசத்தை நீண்ட நாள் போட்டால் பற்களின் பொருத்தமே மாறிவிடலாம். வளரும் வயதில் இது விளையாட்டல்ல.

சிகிச்சை என்ற பெயரில் தாடைக்குக் கெடுதல் நடந்த வரலாறும் உண்டு. 1934-இல் அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை அதிகமாக மூடி நரம்பை அழுத்துவதால்தான் காது வலியும் தாடை வலியும் வருகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன அழுத்தம் உடலமைப்பின்படி நடக்காது என்று பிறகு தெரிந்தது. ஆனாலும், பற்கள் பொருந்தாததுதான் எல்லாத் தாடை வலிக்கும் காரணம் என்ற எண்ணம் பல ஆண்டுகள் நீடித்தது. அதை நம்பி, நல்ல பற்களை அராவித் தேய்த்துக்கொண்டவர்கள் ஏராளம்.

அதைவிட மோசமானது 1980-களில் நடந்தது. அமெரிக்காவில் வட்டை எடுத்துவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கைத் தகட்டைத் தாடை மூட்டில் வைத்தார்கள். மெல்லும் அழுத்தத்தில் தகடு துகள் துகளாக உதிர்ந்தது. அந்தத் துகள்களை உடல் எதிர்க்கப் போய், பக்கத்திலிருந்த எலும்பே அரிக்கப்பட்டது. 1990-91-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து, தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் பலருக்கு மூட்டு போனது போனதுதான். நம் வீட்டுத் தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்லான். கல்லில் ஒட்டாமல் இருப்பது வேறு, நாளெல்லாம் அரைபடுவது வேறு.

இதனால்தான் திரும்பப் பெற முடியாத எதையும் முதல் படியாக ஏற்கக்கூடாது என்கிறேன். ஒத்தடத்தை நிறுத்திவிடலாம், அராவிய பல் மறுபடி வளராது. 2023 இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வந்த வழிகாட்டி, நாட்பட்ட தாடை வலிக்கு வீட்டுப் பயிற்சி, விளக்கம் சொல்லிப் புரியவைத்தல், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, மன இறுக்கத்தைக் குறைக்கும் முறைகள் போன்றவற்றையே வலுவாகப் பரிந்துரைத்தது. வட்டை வெட்டி எடுக்கும் அறுவையை வேண்டாம் என்றது.

ஆனால் எல்லாத் தாடைப் பிரச்சினையும் தசை வலி அல்ல. மாணவியின் நான்கு படிகள் எங்கே பொருந்தாது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வலி மூட்டின்மேல் ஒரு புள்ளியில் இருந்து, சத்தம் கேட்கும் அதே நொடியில் குத்தினால், வட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் வீங்கியிருக்கலாம். மென்மையான உணவும் ஓய்வும் இதற்கும் பொருந்தும். ஆனால் அடிபட்டோ அகலமாகக் கொட்டாவி விட்டோ திடீரென்று தொடங்கிய வலியென்றால், முதல் இரண்டு நாள் சூட்டைவிடத் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் பத்து நிமிடம் நல்லது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்தைப் பல் மருத்துவர் சில நாள்களுக்குத் தரலாம். நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

பல நாளாகக் கேட்ட சத்தம் ஒருநாள் திடீரென்று நின்று, அதோடு வாயும் இரண்டு விரலுக்குமேல் திறக்க மறுத்தால், அது குணமல்ல. கால்மிதி முன்னால் சுருண்டு போய், நாற்காலி அதன்மேல் ஏற முடியாமல் முட்டி நிற்கிறது. கண்ணாடியில் பார்த்தால், திறக்கும்போது தாடை அந்தப் பக்கமாகச் சாய்வது தெரியும். இதை வலுக்கட்டாயமாகத் திறக்கக்கூடாது. சில நாள்களுக்குள் பல் மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்கத்திலேயே போனால் கையால் மூட்டை நகர்த்தி விடுவிக்க முயல்வார்கள். தேவைப்பட்டால் பயிற்சி தருவார்கள், சிலருக்கு ஊசி வழியாக மூட்டைக் கழுவுவார்கள். பலருக்குச் சில மாதங்களில் திறப்பு கூடிவிடுகிறது.

'டக்' என்று இல்லாமல் மணலை நெரிப்பது போல நறநறவென்று கேட்டால் மூட்டு வாதமாக இருக்கலாம். இது வயதானவர்களிடம் அதிகம். உங்கள் வயதில் காலையில் தாடை விறைப்பும், முட்டியோ மணிக்கட்டோ வீங்குவதும் சேர்ந்திருந்தால், பல் மருத்துவர் மட்டும் போதாது. மருத்துவரையும் பார்க்க வேண்டும். முளைக்கும் கடைசிக் கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கினாலும் மெல்ல வலிக்கும், வாய் திறக்கச் சிரமமாக இருக்கும். அதோடு காய்ச்சல், கழுத்து வீக்கம், விழுங்க முடியாமை ஏதாவது சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிருமித்தொற்றுக்கு ஒத்தடம் மருந்தல்ல.

இப்போது மாணவியின் வீட்டுக்குப் போவோம்.

மூன்று விரல் சோதனையை அவள் வீட்டில் எல்லோருக்கும் செய்து பார்த்திருக்கிறாள். அப்பாவுக்கு மூன்று, அம்மாவுக்கு மூன்று, தம்பி நான்கு விரலை நுழைக்கப் பார்த்தான். பாட்டிக்கு ஒன்றரை. "பாட்டி சிரிச்சுட்டே, 'வயசானா எல்லாம் சுருங்கத்தாண்டி செய்யும்' னு சொல்லிட்டாங்க டீச்சர். வலிக்கவும் இல்லையாம், சத்தமும் இல்லையாம்" என்று மறுநாள் வந்து சொன்னாள். பாட்டி பால் மரம் வெட்டிய காலத்திலிருந்து வெற்றிலை பாக்குப் போடுகிறவர். கொஞ்ச நாளாகச் சம்பல் சாப்பிட்டால் வாய் எரிகிறது என்று காரத்தையே விட்டுவிட்டாராம்.

வலியும் சத்தமும் இல்லை என்றதும் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. அன்றே அவள் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசி, பாட்டியை அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

பல் மருத்துவர் தாடை மூட்டைப் பார்க்கவில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சவ்வு வெளிறியிருந்தது. விரலால் தடவினால் உள்ளே கயிறு போல விறைத்த பட்டைகள். இதன் பெயர் ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். பாட்டியின் மூட்டில் குறையே இல்லை. கதவின் கீல் நன்றாக இருக்கிறது. கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறது.

இந்த நோய் நம்மவர்களோடு நெருங்கிய தொடர்புள்ளது. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை முதன்முதலில் விவரித்தபோது, அவர் பார்த்தது ஆப்பிரிக்காவில் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களை. காரணம் பாக்கு. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற வேதிப்பொருள், கன்னத்துச் செல்களைக் கொலாஜன் நார்களை அளவுக்கு மீறி உண்டாக்க வைக்கிறது. உண்டான நார்களை உடலால் வழக்கம்போல் சிதைக்கவும் முடிவதில்லை. ஆண்டுக்கணக்கில் நார் சேர்ந்து, கன்னம் விறைத்து, வாய் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மூடுகிறது. மெதுவாக நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

வாய் திறக்காதது மட்டும் இதன் ஆபத்து அல்ல. இந்த நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வாய்ப் புற்றுநோய் வருகிறது. "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொல்லிவிட்டது. நம் நாட்டில் 1990-களில் நாடு முழுவதும் நடத்திய வாய்ச் சவ்வு ஆய்விலும், புற்றுநோயும் அதற்கு முந்திய மாற்றங்களும் இந்தியர்களிடமே அதிகம் காணப்பட்டன. வெற்றிலை பாக்குப் பழக்கத்தோடு அது தொடர்புபட்டிருந்தது. தோட்டங்களைத் தேடி வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக் குழுக்கள் வருவது இதனால்தான். அவர்கள் வரும் நாளில், "எனக்கு ஒன்றுமில்லை" என்று பாட்டிமார் அடுப்படிக்குள் போய்விடுகிறார்கள்.

பாட்டியைச் சிரம்பானில் உள்ள நிபுணரிடம் அனுப்பினார்கள். கன்னத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று இல்லை. பாக்கை நிறுத்தச் சொன்னார்கள். வாய் திறக்கும் பயிற்சி கொடுத்தார்கள். குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். சேர்ந்த நார் முழுதாகக் கரையாது. பாக்கை நிறுத்தினால் மேலும் மூடுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். புற்று வந்தாலும் தொடக்கத்திலேயே பிடிக்கலாம். பேத்தியின் ஒத்தடத்தைப் பாட்டி எத்தனை மாதம் போட்டிருந்தாலும் ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்காது. இருவருக்கும் வாயில்தான் பிரச்சினை, காரணம் வேறு, ஆகவே வழியும் வேறு.

பாட்டி பாக்கை விட்டாரா என்று கேட்பீர்கள். பாதி விட்டிருக்கிறார் என்று பேத்தி சொல்கிறாள். வெற்றிலையை மட்டும் கிராம்பு வைத்து மடித்துக் கொடுக்கிறாளாம். ஐம்பது வருடப் பழக்கம். திட்டினால் ஒளித்துவைத்துப் போடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பாதி போதாது. பாக்கு உள்ளே போகும்வரை நாரும் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவளிடமே இருக்கிறது.

மாணவர்களே, உங்கள் தாடையில் சத்தம் மட்டும் கேட்டால் அதை அதன்போக்கில் விட்டுவிடுங்கள். வலியும் சேர்ந்தால், எங்கே, எப்போது, எவ்வளவு திறக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிவைத்து, இரண்டு மூன்று வாரம் தாடைக்கு ஓய்வு கொடுங்கள். அப்படியும் குறையாவிட்டால் அந்தக் குறிப்போடு பல் மருத்துவரைப் பாருங்கள்; பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவிடமே கேட்கலாம்.

இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டி, தாத்தா, மாமா, யாராக இருந்தாலும், வெற்றிலை பாக்குப் போடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுடைய மூன்று விரலை வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேடிக்கையாகவே கேளுங்கள், சிரித்துக்கொண்டே செய்வார்கள். மூன்றாவது விரல் நுழையாவிட்டால், சிரிப்போடு விட்டுவிடாமல் திங்கள்கிழமை கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வீட்டில் சொல்லுங்கள்.